அறிவுறுத்தப்பட்டது: யாரால், யாருக்கு?

ஊராட்சியின் மேல்நிலைத் தொட்டியைப் பற்றிய ஆய்வறிக்கை ஒன்று இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்: ‘குடிநீரில் எஞ்சிய குளோரின் அளவு சோதிக்கப்பட்டது. லிட்டருக்கு 0.1 மில்லிகிராம் இருப்பது கண்டறியப்பட்டது. உரிய நடவடிக்கை எடுக்க அறிவுறுத்தப்பட்டது.’

மூன்றும் செயப்பாட்டுவினை வாக்கியங்கள். ஆனால் மூன்றும் ஒரே குற்றம் செய்யவில்லை.

முதல் வாக்கியம் சரியானது. படிப்பவருக்குத் தேவை தண்ணீரின் நிலை. முறை தெரிந்த யார் சோதித்தாலும் அதே விடை வரவேண்டும் என்பதால், சோதித்தவரை எழுவாயாக்கினால் கவனம் திசைமாறும். மாதிரி தொட்டியில் எடுக்கப்பட்டதா, கடைசித் தெருக்குழாயிலா என்று சேர்த்திருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும். இரண்டாவதில் ‘இருப்பது கண்டறியப்பட்டது’ வெறும் சுமை, ‘இருந்தது’ போதும். மிச்சப்படும் இடத்தில், இந்தியத் தர நிர்ணயப்படி குறைந்தது 0.2 இருக்க வேண்டும் என்று எழுதியிருக்கலாம்.

மூன்றாவதுதான் தீங்கு செய்கிறது. அறிவுறுத்தியவர், அறிவுறுத்தப்பட்டவர் என இரண்டு மனிதர்கள் அந்த ஒரு சொல்லுக்குள் மறைந்துபோகிறார்கள். அடுத்த மாதமும் குளோரின் குறைந்தால் யாரைக் கேட்பது? ‘தொட்டி ஆபரேட்டர் தினமும் காலையில் குளோரின் அளவைச் சோதித்துப் பதிவேட்டில் எழுத வேண்டும் என்று வட்டார வளர்ச்சி அலுவலர் மார்ச் 4 அன்று கடிதம் கொடுத்தார்’ என்றால் கேள்வி கேட்க ஆள் இருக்கிறார், நாள் இருக்கிறது. வாக்கியம் நீளுமே என்று தயங்க வேண்டாம். அந்த நீளம் தகவலின் நீளம்.

செய்வினையாக மாற்றினாலே தெளிவு வந்துவிடும் என்பதும் பொய். ‘ஊராட்சி நிர்வாகம் நடவடிக்கை எடுத்து வருகிறது’ என்பது சுத்தமான செய்வினை. அதிலும் ஆள் இல்லை.

தமிழில் இன்னொரு நுட்பம் உண்டு; அறிக்கை எழுதுவோர் பெரும்பாலும் கவனிக்காதது. ‘குழாய் உடைந்திருந்தது’ என்றால் நிலையை மட்டும் சொல்கிறோம். ‘உடைக்கப்பட்டிருந்தது’ என்றால் ஒரு கை அதைச் செய்தது என்கிறோம். யாருடைய கை என்பதைத்தான் சொல்லவில்லை. அலுவல் நடைக்காகப் பழக்கத்தில் ‘பட்டு’ சேர்ப்பவர், தம்மை அறியாமலே ஒரு குற்றச்சாட்டை எழுதிவிடுகிறார். மாறாக, ஆள் யாரென்று தெரியாமல் செயல் மட்டும் உறுதியாகத் தெரியும்போது செயப்பாட்டுவினைக்கு ஈடு இல்லை.

எனவே இரும்புக் குழாயின் முனையைப் பார்த்துத்தான் வினையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ரம்பம் ஓடிய நேரான வெட்டு பளபளத்தால் ‘அறுக்கப்பட்டிருந்தது’. துரு தின்று மெலிந்த ஓரம் பிய்ந்திருந்தால் ‘உடைந்திருந்தது’. எதுவென்று புரியாவிட்டால், கண்ட தடத்தை மட்டும் எழுதி நிறுத்திக்கொள்ள வேண்டும்.