பதில் எழுதாத தம்பிகள்

தமிழில் தம்பிக்கு எழுதியவர்களுக்குக் குறைவில்லை. பதில் எழுதிய தம்பியைத்தான் தேட வேண்டியிருக்கிறது. மு. வரதராசனின் ‘தம்பிக்கு’ நூலில் வளவன் என்ற அண்ணன் எழில் என்ற தம்பிக்கு மடல் மடலாக எழுதுகிறான். எழில் எழுதத் தெரியாதவன் இல்லை. ‘அன்னைக்கு’ நூலில் அவனே தாய்க்கு எழுதுகிறான். அம்மாவுக்கு எழுத நேரம் கிடைத்த பையனுக்கு அண்ணனுக்கு எழுத மட்டும் நேரமில்லை என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்லும் குறையை மு.வ. அறியாமலே அச்சேற்றிவிட்டார் என்றுதான் எனக்குத் தோன்றும். 1955 முதல் ‘திராவிட நாடு’ இதழில் அண்ணாதுரை எழுதிய தம்பிக் கடிதங்களில் தம்பி ஒரு கட்சியளவு பெருகிவிட்டார். அவ்வளவு பெரிய தம்பி கேட்கத்தான் முடியும், பதில் போட முடியாது.

இந்த மரபில் அண்ணன்மார் அறிவுரை சொல்கிறார்கள், அரசியல் விளக்குகிறார்கள், மொழிப்பற்று ஊட்டுகிறார்கள். சீண்டுவது மட்டும் அரிது. வீட்டுக்குள் அக்காவோ அண்ணனோ தம்பியிடம் பேசும் பேச்சில் பாதி சீண்டல்தான். அச்சுக்கு வரும்போது அது சலவைச் சட்டை மாட்டிக்கொண்டு அறிவுரையாகிவிடுகிறது.

விதிவிலக்காக எனக்குத் தெரிந்தது பாரதியின் கடிதம். 1918இல் புதுச்சேரியிலிருந்து தன் தம்பி விசுவநாதனுக்கு எழுதியது. தம்பி கடிதம் போட்டிருந்தான், ஆனால் ஆங்கிலத்தில். இனிமேல் ஆங்கிலத்தில் எழுதாதே என்று சொல்லும் அண்ணன், உன் தமிழ் எவ்வளவு கொச்சையாக இருந்தாலும் ஆவலோடு படிப்பேன் என்கிறார். கொச்சைத் தமிழ்கூட வரவில்லையென்றால் சமஸ்கிருதத்திலாவது எழுது என்று முடிக்கிறார். கடைசி வரியில்தான் குறும்பு. கொச்சைத் தமிழே எழுத முடியாதவன் சமஸ்கிருதத்துக்கு எங்கே போவான்? தம்பிக்கு ஆங்கிலம் என்ற ஒரு கதவை அடைத்துவிட்டு, தமிழ்க் கதவைப் பிழைகளோடு நுழையும்படி அகலத் திறந்து வைக்கிறார். கண்டிப்பு இருக்கிறது, கோபம் இல்லை. ‘உன் கடிதம் எனக்கு வேண்டும்’ என்பதைக் கெஞ்சாமல் சொல்லும் வழி அது.

அந்தப் புதுச்சேரியிலிருந்து திண்டிவனம் நாற்பது கிலோமீட்டர் அளவுதான். திண்டிவனம் மரக்காணம் சாலையில் உள்ள பிரம்மதேசத்தை வைத்து, இதே சீண்டல் இன்று ஓர் அக்கா தம்பிக்கு அனுப்பும் பிறந்தநாள் வாழ்த்தில் எப்படி வேலை செய்கிறது என்று பார்க்கலாம். கடிதக் காலத்தில் இந்த ஊருக்கு ஒரு தொல்லை உண்டு. பிரம்மதேசம் என்ற பெயரில் தமிழ்நாட்டில் ஊர்கள் பல: எண்ணாயிரத்துக்கு அருகே ஒன்று, செய்யாறு பக்கம் ஒன்று, அம்பாசமுத்திரத்தை அடுத்து ஒன்று. 1972இல் பின்கோடு வரும்வரை, ‘திண்டிவனம் வழி’ என்று எழுதாத இன்லண்டு கடிதம் எந்தப் பிரம்மதேசத்தில் போய் நிற்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. பதில் போடாத தம்பிக்கு அன்று அது ஒரு நல்ல சாக்கு. ‘கடுதாசி வரவே இல்லக்கா’ என்றால் யார் போய் விசாரிப்பது?

பிறந்தநாள் வாழ்த்து என்பதே இந்தப் பக்கத்துக் கிராமங்களுக்குப் புதுச் சரக்கு. நட்சத்திரம் தெரிந்த வீடுகளில் கோயிலில் ஓர் அர்ச்சனை செய்வார்கள், அவ்வளவுதான். தேதி என்பது பள்ளிக்கூடம் கொடுத்தது. வலது கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய் இடது காதைத் தொட்டால் பையனுக்கு ஐந்து வயது ஆயிற்று என்று வைத்துக்கொண்டு, சேர்க்கைக்குத் தோதாக மே மாதத்திலோ ஜூனிலோ ஒரு தேதியைத் தலைமையாசிரியர் எழுதிவிடுவார். அதுவே மாற்றுச் சான்றிதழுக்குப் போய், ஆதாருக்கும் போய், கடைசியில் ஃபேஸ்புக்கிலும் ஏறி, வருஷா வருஷம் உலகத்துக்கே நினைவூட்டுகிறது. ஐப்பசி மழையில் பிறந்த பையனுக்குக் கத்திரி வெயிலில் வாழ்த்து வரும். உண்மையில் எந்த மாதம் என்று தெரிந்தவர்கள் அம்மாவும் மூத்த அக்காவும்தான். சீண்டலுக்கு முதல் கருவி அங்கேயே கிடைத்துவிடுகிறது.

துபாயில் வேலை பார்க்கும் ஓர் அக்கா, ஊரில் இருக்கும் இருபத்து மூன்று வயதுத் தம்பி என்று வைத்துக்கொள்வோம். அக்கா போன் செய்தால் எடுக்கமாட்டான். அவள் அனுப்பும் வாழ்த்து ஏறக்குறைய இப்படி இருக்கும். இதை நானே எழுதிப் பார்க்கிறேன்:

“டேய் கலெக்டரே, பொறந்தநாள் வாழ்த்து. இது வாத்தியார் வச்ச பொறந்தநாள்னு எனக்குத் தெரியும், நெசப் பொறந்தநாளுக்கும் சேத்துத்தான் சொல்றேன், மறுபடி எதிர்பாக்காத. போன வாரம் ஏழு தரம் கூப்பிட்டேன். ஏழு தரமும் உன் காலர் டியூன் கேட்டேன். பாட்டு நல்லாத்தான் இருக்குது, மாத்தாத. எடுத்தா சீர் கேப்பேன்னு பயமா? கேப்பேன்தான். என் பொண்ணுக்குக் காது குத்த உன் மடி வேணும். அதுக்கு முன்னாடி உன் காது ஒழுங்கா கேக்குதான்னு டாக்டர்கிட்ட காட்டு. மல்லாட்டைக் கொல்லையில நீ புடுங்கித் தின்னதுக்கு நான் வாங்குன அடி இன்னும் கணக்குலதான் இருக்குது. வட்டி வேணாம், அசலு மட்டும் குடு. அம்மா கேசரி கிண்டியிருக்கும், சாப்பிடு. சட்டை அனுப்பியிருக்கேன். அளவு சரியா இருந்தா போட்டுக்கிட்டு ஒரு போட்டோ அனுப்பு. பேசல்லாம் வேணாம்.”

இதில் முதல் வேலை குற்றத்தைச் சொல்லிவிடுவது. ஏழு தரம் என்ற எண்ணிக்கை அதற்கு. எண்ணிக்கை சொல்லாமல் ‘நீ எப்பவுமே எடுக்கமாட்ட’ என்றிருந்தால் அது புகார், தம்பி தற்காப்பில் இறங்கிவிடுவான். எண்ணைச் சொல்லி, உடனே காலர் டியூனைப் பாராட்டியதும் குற்றம் பதிவாகிறது, தண்டனை தள்ளுபடியாகிறது. மன்னிப்புக் கேட்க வேண்டிய கட்டாயம் அவனுக்கு இல்லை. பதில் போடாதவனைப் பதில் போடவிடாமல் தடுப்பது பெரும்பாலும் அந்தக் கட்டாயம்தான். நாள் ஆக ஆக மன்னிப்பின் அளவு கூடிக்கொண்டே போகும், கடைசியில் அதைக் கேட்பதைவிட போனைக் கவிழ்த்து வைப்பது எளிதாகிவிடும்.

சீர் பேச்சு இன்னும் கூர்மையானது. தம்பி என்பவன் அவள் பிள்ளைகளுக்குத் தாய்மாமன். மொட்டையடித்துக் காது குத்த அவன் மடிதான் வேண்டும், தட்டு வரிசை அவன் கையால்தான் வரவேண்டும். வேலையில்லாத பையனுக்கு அந்த எண்ணம் வயிற்றைக் கலக்கும். அக்காவின் போனை அவன் தவிர்ப்பதற்கு அது ஒரு காரணமாகக்கூட இருக்கலாம், அவனே அதை ஒப்புக்கொள்ளமாட்டான். அவள் அதை வெளியே எடுத்துப் போட்டு, ‘கேப்பேன்தான்’ என்று சிரிக்கிறாள். அடுத்த வரியில் கேட்பது பணமில்லை, மடி. கையில் காசில்லாதவனிடமும் மடி இருக்கும்.

மல்லாட்டை இங்கே சும்மா வந்ததல்ல. திண்டிவனம் நிலக்கடலைக்குப் பேர்போன ஊர். அங்குள்ள ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட டி.எம்.வி. ரகங்களின் பெயரிலேயே ஊர் இருக்கிறது. பச்சை மல்லாட்டையைச் செடியோடு பிடுங்கித் தின்றதற்கு அடி வாங்காத பிள்ளைகள் இந்தப் பக்கம் குறைவு. தம்பிக்காக வாங்கிய அடியை நினைவூட்டும்போது, ‘அன்றும் உனக்காக நின்றேன்’ என்று அவள் சொல்லவேயில்லை. கணக்கு, வட்டி, அசல் என்று கடன்காரன் பாஷையில் போகிறாள். நேராகச் சொல்லியிருந்தால் இருவருமே கூசியிருப்பார்கள்.

முடிவில் உள்ள ‘பேசல்லாம் வேணாம்’ என்பதுதான் முழு வாழ்த்திலும் கெட்டிக்காரத்தனமான இடம். கேட்கும் விலையை ஒரு போட்டோவுக்கு இறக்கிவிட்டாள். பாரதி கொச்சைத் தமிழுக்கு இறங்கி வந்ததைப் போன்றதுதான்.

சொல்லாமல் விட்டவற்றையும் பார்க்க வேண்டும். வேலை கிடைத்ததா, கல்யாணம் எப்போது, பரீட்சை என்னாயிற்று என்ற மூன்றும் இல்லை. வெளிநாட்டு அழைப்பை எடுத்தால் இந்த மூன்றும் வரும், பிறகு போன் அத்தை கைக்குப் போய், அங்கேயும் இதே மூன்றும் வரும். வாழ்த்தில் இவற்றில் ஒன்றை நுழைத்தாலும், அதுவும் சிரிப்பு முகம் போட்டு நுழைத்தாலும், சீண்டல் அங்கேயே செத்துவிடும். உடல் பருமன், முடி கொட்டுவது ஆகியவற்றுக்கும் இதே விதி. அக்கா வேடிக்கையென்று நினைப்பது அவனுக்கு இராத்தூக்கம் கெடுக்கும் சங்கதியாக இருக்கலாம்.

எழுத்தில் அனுப்புவதா, குரலில் அனுப்புவதா? தெரிந்த அக்காமார் குரலையே நம்புகிறார்கள். அமீரகத்தில் வாட்ஸாப் அழைப்பு இயங்காது, குரல் பதிவு போகும். அதைவிட நுட்பமான காரணம் ஒன்று உண்டு. நீல டிக்கை அணைத்து வைத்திருக்கும் தம்பி, எழுத்துச் செய்தியைப் படித்தானா என்று அவளுக்குத் தெரியாது. குரல் பதிவைக் கேட்டால் மட்டும், அணைத்திருந்தாலும் மைக் குறி நீலமாகிவிடும். அவன் பதில் போடாவிட்டாலும் கேட்டுவிட்டான் என்பது தெரிந்துபோகும். நேரமும் தோதுதான். துபாய் கடிகாரம் ஒன்றரை மணி நேரம் பின்தங்கியது. ஊரில் நள்ளிரவு பன்னிரண்டு என்றால் அவளுக்கு இரவு பத்தரை. தூக்கம் கெடாமலே முதல் வாழ்த்து அவளுடையதாகிவிடும். சிங்கப்பூரில் இருக்கும் அக்கா அதற்காக விடிகாலை இரண்டரை வரை விழித்திருக்க வேண்டும்.

தம்பியின் மௌனத்தை எப்படி எடைபோடுவது? வின்சென்ட் வான்கோ தம்பி தியோவுக்கு எழுதிய கடிதங்களில் 650க்கு மேல் இன்றும் இருக்கின்றன. தியோ அண்ணனுக்கு எழுதியவற்றில் சுமார் 40தான் மிஞ்சின. தியோ எழுதாமலில்லை. வின்சென்ட் பத்திரப்படுத்தவில்லை, தியோ பெரும்பாலானவற்றைச் சேர்த்து வைத்தான். இருக்கும் காகிதத்தை மட்டும் எண்ணினால் தியோதான் பதில் போடாத தம்பி. பிரம்மதேசத்துப் பையனும் அக்காவின் பழைய குரல் பதிவுகளை அழிக்காமல் வைத்திருக்கிறானா என்பது அவன் போனைத் திறந்து பார்த்தால்தான் தெரியும்.

வாழ்த்து பலித்ததா என்பதைப் பதிலை வைத்து ஓரளவு சொல்லலாம். கட்டைவிரல் மட்டும் வந்தால் பலிக்கவில்லை. ‘தேங்க்ஸ்கா’ என்பது நன்றி, அதற்குமேல் ஒன்றுமில்லை. அவனும் திருப்பிச் சீண்டினால் பலித்துவிட்டது: “சட்டை டைட்டா இருக்குது, உன் ஊட்டுக்காரரு அளவு எடுத்தியா?” குடும்பக் குழுவில் போட்டிருந்தால் இந்தப் பதில் வந்திருக்காது. அத்தையும் சித்தப்பாவும் பார்த்துக்கொண்டிருக்கும் இடத்தில் தம்பிகள் கைகூப்பும் படம் ஒன்றைப் போட்டுவிட்டு நழுவிவிடுவார்கள். அதனால் விவரம் தெரிந்த அக்கா இரண்டு வாழ்த்து அனுப்புகிறாள். ரோஜாப்பூவும் ‘பல்லாண்டு வாழ்க’வும் போட்ட படம் குழுவுக்கு, மல்லாட்டைக் கணக்கு அவனுக்குத் தனியாக.