அட்டையை எடுத்த பிறகு சட்டை

வீட்டுச் சுவரில் மாட்டவோ அஞ்சலி பேனரில் போடவோ ஒரு படம் தேவைப்படும்போது, குடும்பத்தார் கையில் இருப்பது பல சமயம் ஏதாவது கருத்தரங்கிலோ பாராட்டு விழாவிலோ எடுத்த படம்தான். முகம் தெளிவாக இருக்கும், சிரிப்பும் இயல்பாக வந்திருக்கும். ஆனால் கழுத்தில் நாடாவோடு ஐடி கார்டு தொங்கும், சட்டையின் பட்டன் பட்டியில் காலர் மைக் மாட்டியிருக்கும். அதை நீக்கித் தரச் சொல்லி ஸ்டூடியோவுக்கு வருகிறார்கள். கணினி முன்னால் இருப்பவரும் சரி என்று வாங்கிக்கொள்கிறார்.

ஒரு பொருளைப் படத்திலிருந்து அழிப்பது இன்று பெரிய வித்தை இல்லை. 2002இல் வந்த போட்டோஷாப் 7இல் ஹீலிங் பிரஷ் சேர்ந்தது. 2010இல் சுற்றியுள்ள பகுதியைப் பார்த்துத் தானே நிரப்பும் வசதியும் வந்துவிட்டது. அழித்த இடத்தில் என்ன வரைகிறோம், அதற்குப் படத்திலேயே சான்று இருக்கிறதா என்பதில்தான் இந்த வேலையின் தரம் அடங்கியிருக்கிறது. சான்று இருக்கும் இடத்தில் செய்தால் இது மீட்பு. இல்லாத இடத்தில் செய்தால் கற்பனை. ஒரே சட்டையில் இந்த இரண்டும் நாலு விரற்கடை தூரத்தில் அக்கம்பக்கமாக இருக்கும் என்பதை வாடிக்கையாளரும் யோசிப்பதில்லை, செய்பவரும் பல நேரம் யோசிப்பதில்லை.

ஒரு மாதிரிப் படத்தை வைத்துப் பார்க்கலாம். அறுபதை ஒட்டிய ஓர் ஆண், இடுப்பளவுப் படம். வெளிர் நீலத்தில் கட்டம் போட்ட முழுக்கைச் சட்டை. வெளிச்சம் படத்தின் இடப்பக்கத்து ஜன்னலிலிருந்து வருகிறது. இரண்டு சென்டிமீட்டர் அகலச் சிவப்பு நாடா காலருக்கு அடியிலிருந்து இறங்கி நெஞ்சின் நடுவில் சேர்கிறது. அதன் கீழே அட்டை. அதற்குச் சற்று மேலே பட்டன் பட்டியில் மைக், அதிலிருந்து ஒயர் வளைந்து சட்டைக்குள் போகிறது.

இதில் எளிதானது நாடா. குறுகலான பொருள் என்பதால் அதன் இருபுறமும் துணி தெரிகிறது. இந்தப் பக்கம் மறையும் கட்டத்துக் கோடு அந்தப் பக்கம் எங்கே வெளிப்படுகிறது என்று பார்த்து இரண்டையும் இணைத்தால் போதும். கோடு நேராக ஓடாது, உடம்பின் வளைவோடு சாயும். ஆகவே அதே கோட்டின் மேல்பகுதியிலிருந்து ஒரு துண்டைத் தனி லேயரில் எடுத்து, வார்ப் கொண்டு வளைத்து, இரு முனையும் பொருந்தும்படி உட்கார வைக்க வேண்டும். அவசரக்காரர்கள் இங்கே நேராக ஹீலிங் பிரஷ்ஷை எடுக்கிறார்கள். அது ஓரத்தில் இருக்கும் நிறத்தை உள்ளே இழுத்துக் கலக்கும் கருவி. நாடாவின் சிவப்பு ஒரு நூலளவு மிச்சமிருந்தாலும் அந்த இடம் அழுக்குக் கறை போல ஆகிவிடும். ஓரங்களை முதலில் க்ளோன் ஸ்டாம்பால் சுத்தமாக வெட்டிய பிறகே நடுப்பகுதிக்கு ஹீலிங் தொட வேண்டும். இந்த வரிசையில் செய்தால் நாடா நீக்கம் குறை சொல்ல முடியாத வேலையாக அமையும்.

நாடாவின் நிழல் வேறு கதை. நாடாவுக்குப் பக்கத்திலேயே மெல்லிய கருங்கோடாக விழும் நிழலையும் அந்த நாடாவோடு சேர்த்து அழித்துவிட்டுப் புதுத் துணி ஒட்டுவதே வழக்கமாக இருக்கிறது. இது வீண் வேலை மட்டுமல்ல, இழப்பும்கூட. நிழலுக்கு அடியில் உண்மையான துணி அப்படியே இருக்கிறது, கொஞ்சம் இருட்டாக, அவ்வளவுதான். கர்வ்ஸ் போட்டு அந்த இடத்தை மட்டும் வெளிச்சப்படுத்தினால் அந்த மனிதர் அன்று போட்டிருந்த அதே இழை திரும்பக் கிடைக்கும். சிவப்பு நாடா வெளிர் துணியில் தெறிக்கும் சாயலும் இப்படித்தான். கலர் முறையில் ஒரு லேயர் வைத்துச் சட்டையின் நீலத்தை மெல்லத் தடவினால் சாயல் போய்விடும், மடிப்பும் நெசவும் தொடப்படாமல் நிற்கும். சான்று இருக்கும் இடத்தில் அதை அழிக்காமல் இருப்பதே இந்தக் கைவேலையின் நாணயம்.

மைக் ஒரு நடுத்தரச் சிக்கல். அது அடைத்துக்கொள்வது விரல் நுனி அளவு இடம்தான். ஆனால் கிளிப்பின் பிடி பட்டன் பட்டியை ஒரு பக்கமாக இழுத்திருக்கும், அந்தப் புள்ளியிலிருந்து மூன்று நான்கு சுருக்கங்கள் விசிறியாகப் பரவியிருக்கும். மைக்கை மட்டும் எடுத்துவிட்டால், காரணமே இல்லாமல் சுருங்கிய ஒரு துணி மிஞ்சும். பார்ப்பவருக்கு என்ன தவறு என்று சொல்லத் தெரியாது, ஏதோ சரியில்லை என்று மட்டும் படும். அட்டையின் கனம் இழுத்த நாடாவும் காலரின் நுனியைத் தூக்கியிருக்கும், தோளில் துணியை அழுத்திப் பள்ளமாக்கியிருக்கும். நான் பார்த்தவரை, கைதேர்ந்தவர்களின் வேலையிலும் அதிகம் விட்டுப்போவது இதுதான். பொருள் போய்விடும், அது கொடுத்த இழுவை அப்படியே நிற்கும். இழுவையைச் சரிசெய்ய லிக்விஃபையில் பெரிய பிரஷ்ஷால் பட்டியை நேர்க்கோட்டுக்குக் கொண்டுவந்து, விசிறிச் சுருக்கங்களில் ஆழமானவற்றின் நிழலைக் குறைத்தால் போதும். எல்லாச் சுருக்கத்தையும் எடுத்துவிட்டால் சட்டை அட்டைப் பெட்டியில் ஊசி குத்தி வந்த புதுச் சட்டை போலாகிவிடும்.

இனி அட்டை. வங்கி அட்டை அளவிலான சாதாரண ஐடி கார்டே சுமார் எட்டரை சென்டிமீட்டருக்கு ஐந்தரை சென்டிமீட்டர். விழாக்களில் தருவது அதைவிடப் பெரிதாகவே இருக்கும். அதன் அடியில் பட்டன் பட்டியின் ஒரு நீளம், ஒன்றோ இரண்டோ பட்டன், சில சமயம் பாக்கெட்டின் விளிம்பு என எல்லாம் மறைந்துவிடும். தானே நிரப்பும் வசதி இங்கே தோற்றுப்போவதற்குக் காரணம் உண்டு. அது சுற்றிலும் உள்ள துண்டுகளில் ஒத்துப்போவதைத் தேடி எடுத்து ஒட்டுகிறது. பட்டன் என்று ஒரு பொருள் உண்டு என்பது அதற்குத் தெரியாது. ஆகவே பாதிப் பட்டன், பட்டியைக் குறுக்கே வெட்டும் கட்டம், எங்கிருந்தோ வந்து நடுவில் முடிந்துபோகும் தையல் எல்லாம் கிடைக்கும்.

கையால் செய்பவர் கணக்குப் போட வேண்டும். மேலே தெரியும் இரண்டு பட்டன்களின் இடைவெளியை அளந்து, அதே இடைவெளியில் கீழே அடுத்ததை வைக்க வேண்டும். வயிறு முன்தள்ளியிருந்தால் இடைவெளி படத்தில் சற்றுக் குறையவோ கூடவோ செய்யும், அதற்கும் இடம் விட வேண்டும். பட்டனை மேலிருந்து நகலெடுத்தால் அதன் நான்கு துளைகளையும் கொஞ்சம் சுழற்றிவிட வேண்டும். நான்கு பட்டனும் ஒரே கோணத்தில் தைத்த தையற்காரர் ஊரில் இல்லை.

சட்டை இருபுறமும் ஒரே மாதிரிதானே, ஒரு பாதியை எடுத்துக் கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பி மறுபாதியில் ஒட்டினால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. காலர் முனைக்கு இது அபாரமாகப் பொருந்தும். நெஞ்சுப் பகுதிக்கு வந்தால் மூன்று இடங்களில் மாட்டிக்கொள்ளும். முதலாவது வெளிச்சம்: நம் படத்தில் இடப்பக்கம் வெளிச்சம், வலப்பக்கம் நிழல். திருப்பிய துண்டில் ஒவ்வொரு மடிப்பும் இல்லாத ஜன்னலைப் பார்த்து மினுங்கும். இரண்டாவது பட்டி. ஆண்கள் சட்டையில் அணிபவரின் இடப்பக்கத் துணி மேலே வரும். பட்டியோடு சேர்த்துத் திருப்பினால் அது பெண்கள் சட்டையின் பட்டன் முறையாகிவிடும். மூன்றாவது பாக்கெட்: பாக்கெட் இருக்கும் பாதியைத் திருப்பினால் சட்டைக்கு இரண்டு பாக்கெட், இல்லாத பாதியைத் திருப்பினால் ஒன்றுகூட இல்லை. குடும்பத்தார் இதையெல்லாம் கவனிக்க மாட்டார்கள் என்பது தவறான நம்பிக்கை. அந்தச் சட்டையைத் துவைத்து இஸ்திரி போட்டவர்கள் அவர்கள்.

இவ்வளவு சரியாகச் செய்தும் வேலை காட்டிக்கொடுக்கும் இடம் ஒன்று உண்டு, கூர்மை. முகத்தில் ஃபோகஸ் வைத்து எடுத்த படத்தில் காலர் கூர்மையாகவும் வயிற்றுப் பக்கம் சற்று மங்கலாகவும் இருக்கும். காலரருகே எடுத்த துணியைக் கீழே ஒட்டினால் ஒட்டு மட்டும் தூக்கித் தெரியும். வாட்ஸ்அப் வழியே வந்த படமென்றால் நெசவே கட்டம்கட்டமாக நசுங்கிப் போயிருக்கும், ஹீலிங் செய்த இடம் மட்டும் வழவழப்பாகிவிடும். மேலே மெல்லிய நாய்ஸ் சேர்த்தால் ஓரளவு மறையும். சோதிக்க நல்ல வழி, தற்காலிகமாக ஒரு கர்வ்ஸ் லேயர் போட்டு அதன் கோட்டை மலையும் பள்ளத்தாக்குமாக ஏற்றி இறக்கிப் பார்ப்பது. சாதாரணமாகக் கண்ணுக்குத் தெரியாத ஒட்டெல்லாம் அதில் திட்டுத்திட்டாக வெளியே வந்துவிடும். ஒரே சுருக்கம் இரண்டு இடத்தில் இருக்கிறதா என்று பார்க்கப் படத்தை இடவலமாகத் திருப்பி வைத்தால் போதும்.

இத்தனைக்கும் மேல் ஒரு கேள்வி, இதை எங்கே செய்யலாம் என்பது. 2014 ஜனவரியில் அசோசியேட்டட் பிரஸ் நிறுவனம் நார்சிசோ கொன்ட்ரேராஸ் என்ற புகைப்படக்காரருடன் உறவை முறித்துக்கொண்டது. முந்தைய ஆண்டு சிரியாவில் அவர் எடுத்த ஒரு போராளியின் படத்தில், கீழ் மூலையில் கிடந்த சக பத்திரிகையாளரின் வீடியோ கேமராவை அழித்துத் தரையின் துண்டுகளால் மூடியிருந்தார். அதே சிரியப் போரின் படங்களுக்காக 2013இல் புலிட்சர் பரிசு பெற்ற குழுவில் அவரும் ஒருவர். படத்தின் செய்தி அந்தக் கேமராவால் மாறவில்லை. மாறவில்லை என்பதை முடிவுசெய்யும் உரிமை அவருக்கு இல்லை என்பதே நிறுவனத்தின் நிலை, அது சரியானதுதான். செய்திப் படத்தில் மைக் என்பது படத்தில் இருப்பவர் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார் என்பதற்குச் சாட்சி. வீட்டுப் படம் எதற்கும் சாட்சி சொல்ல வரவில்லை. அங்கே நீக்குவதில் எனக்கு மறுப்பில்லை, ஒன்றைத் தவிர: அட்டை படத்தில் இருப்பவரின் வேலை அட்டையாக இருந்தால், நீக்கும் முன் வீட்டில் இன்னொருவரையும் கேட்பது நல்லது. மகனுக்கு இடைஞ்சலாகத் தெரிவது மனைவிக்கு அவர் முப்பது வருடம் கழுத்தில் போட்டிருந்த பொருளாக இருக்கலாம்.

சான்றின்மை என்ற குறைக்கு ஒரு நல்ல மருந்து இருக்கிறது, அதை யாரும் கேட்பதில்லை. விழாவில் படமெடுத்தவர் ஒன்று எடுத்து நிறுத்தியிருக்க மாட்டார், அடுத்தடுத்து நாலைந்து எடுத்திருப்பார். படத்தில் இருப்பவர் சற்றுத் திரும்பியபோது அட்டை ஒதுங்கியிருக்கும், அடியில் இருந்த பட்டியும் பட்டனும் அந்தப் படத்தில் தெரியும். அந்தத் துண்டை எடுத்து இந்தப் படத்தில் பொருத்தினால் கற்பனைக்கு வேலையே இல்லை. வீடியோ இருந்தால் இன்னும் நல்லது. மைக் மாட்டும் முன் எடுத்த காட்சிகூட அதில் கிடைக்கலாம்.

எதுவும் கிடைக்காத படத்தில் நான் அட்டைக்கு மேலே வெட்டிவிடுவேன். நெஞ்சுவரை மட்டும் வைத்து, நாடாவையும் மைக்கையும் நீக்கினால், அந்தச் சட்டையில் தெரிவதில் மிகப் பெரும்பகுதி உண்மையான துணி. ஸ்டூடியோக்களில் இன்னும் நடக்கிற ஆயத்தக் கோட்டை ஒட்டும் வழக்கம் இதற்கு மாற்று அல்ல. வாழ்நாளில் கோட்டே போடாதவர்கள் எத்தனை பேர் சுவரில் டையோடு உட்கார்ந்திருக்கிறார்கள்! இடுப்பளவுப் படம்தான் வேண்டும் என்று பிடிவாதமாகக் கேட்டால் பட்டனைக் கணக்குப் போட்டு வைத்துக் கொடுக்கலாம், கூடவே தொடாத மூலப் படத்தையும் அதே பென் டிரைவில் போட்டு.