பின்னணி அழகு, எழுத்து எங்கே?

ஏஐ வரைந்த பின்னணிமேல் பெரிய எழுத்து வைத்த தம்ப்னெயில்கள் இன்று தமிழ் யூடியூபில் பெருகிவிட்டன. இந்த முறை நல்லதா என்பதைப் பெரிய திரையில் பார்த்து முடிவுசெய்யக் கூடாது. 1280க்கு 720 பிக்சலில் செய்த படம், பல பரிந்துரைப் பட்டியல்களில் மிகச் சிறிதாகத்தான் தெரிகிறது. அதை 160 பிக்சல் அகலத்துக்குச் சுருக்கிப் பார்ப்பதே சரியான சோதனை.

மாடித்தோட்டத் தக்காளியின் அடிப்பக்கம் ஏன் கறுத்து அழுகுகிறது என்று சொல்லும் வீடியோவை எடுத்துக்கொள்வோம். செடி, இலை, பழம் நிறைந்த படம் ஒன்றை ஏஐ வரைந்து தருகிறது. அதன்மேல் சிவப்பில் ‘அடி அழுகுதா?’ என்று எழுதுகிறோம். பெரிதாகப் பார்த்தால் பளிச்சென்றுதான் இருக்கிறது. கறுப்பு வெள்ளையாக மாற்றினால் எழுத்தைக் காணோம். சிவப்பும் இலைப் பச்சையும் நிறத்தில் எதிரெதிர். வெளிச்ச அளவில் ஏறக்குறைய ஒன்று. போதாததற்கு, இலை நரம்புகளின் நுண்கோடுகள் எழுத்தின் கோடுகளோடு கலந்துவிடுகின்றன.

பலரும் உடனே எழுத்தைச் சுற்றித் தடித்த கறுப்புக் கரை போடுகிறார்கள். 120 பிக்சல் உயர எழுத்து, சுருங்கும்போது 15 பிக்சல்தான். கரை உள்பக்கமாகவும் பரவினால் ‘ழு’வின் உள்வெளி அடைந்து வெறும் கறையாகிறது. தமிழ் எழுத்துக்குத் தடிமனைவிட உள்வெளிதான் முக்கியம். படத்தின் இடது பாதியை ஒரே கரும்பச்சையாக இருட்டாக்கி, கரையே இல்லாமல் மஞ்சளில் எழுதினால் அதே இரண்டு சொல்லையும் 160 பிக்சலில் தெளிவாகப் படிக்க முடிகிறது. வலது கீழ்மூலையை மட்டும் காலியாக விட வேண்டும். வீடியோவின் நேரம் அங்கேதான் வந்து உட்காரும்.

எழுத்தையும் ஏஐயிடமே விடலாமா? கூடாது. தமிழில் கொம்பும் காலும் இடம் மாறுவது, இல்லாத எழுத்து முளைப்பது எல்லாம் அங்கே நேரலாம். பின்னணியை மட்டும் வாங்கிக்கொண்டு, அனெக் தமிழ் போன்ற யூனிகோடு எழுத்துருவில் நாமே தட்டச்சு செய்வதுதான் பத்திரம்.

இதைவிடக் கனமான குறை ஒன்று உண்டு. இந்த அழுகல் பழத்தின் அடியில், பூ இருந்த முனையில் தொடங்கும். காயில் கால்சியம் போதாததால் வருவது; தண்ணீர் ஒருநாள் மிஞ்சி ஒருநாள் வறண்டாலும் அந்தக் குறை வரும். ஏஐ வரையும் ‘அழுகிய தக்காளி’யிலோ பழம் முழுக்கப் புள்ளிகள் இருக்கலாம், அது வேறு நோயின் அடையாளம். தன் செடியோடு ஒப்பிட்டுப் பார்க்கும் தோட்டக்காரர் அதை நம்பித் தவறான மருந்தைத் தேடிப் போவார்.

ஆகவே என் தீர்ப்பு இது: எழுத்துக்கு இடம்விடும் அமைதியான தளமாக ஏஐ பின்னணியை ஏற்கலாம், சான்றாக ஏற்கக் கூடாது. அழுகிய பழம் வீடியோவிலிருந்து எடுத்த உண்மைப் படமாகவே இருக்க வேண்டும். அந்தப் படமே போதுமான வெற்றிடத்தோடு கிடைத்துவிட்டால், ஏஐ பின்னணி தேவையே இல்லை.