தோடி காந்தாரத்தை எழுத முடியுமா?

கர்நாடக சங்கீதம் கற்றுக்கொடுப்பது பற்றிப் பேச ஆரம்பித்தால் இரண்டு கட்சிகள் உடனே உருவாகிவிடும். "குருமுகமா வந்தாத்தான் பாட்டு, புத்தகத்தைப் பார்த்துப் பாடுறதெல்லாம் பாட்டா?" என்பது ஒன்று. "நொட்டேஷன் இல்லாம எப்படி நிலைச்சு நிற்கும்? ஆளுக்கு ஒண்ணு பாடிட்டுப் போயிடுவாங்க" என்பது மற்றது. இரண்டிலும் பாதி உண்மை இருக்கிறது. ஆனால் எந்தப் பாதி என்று யாரும் விளக்கமாகச் சொல்வதில்லை. ஒரே ஒரு ஸ்வரத்தை எடுத்துக்கொண்டு பார்த்தால் விஷயம் தெளிவாகும் என்று நினைக்கிறேன்.

தோடி ராகத்தின் காந்தாரம். புத்தகத்தில் அது 'க'. நெடிலாக இருந்தால் 'கா', அதாவது இரண்டு மாத்திரை. இலக்கணப்படி அது சாதாரண காந்தாரம். ஹார்மோனியத்தில் அதற்கென்று ஒரு கட்டை இருக்கிறது. அந்தக் கட்டையை அழுத்திப் பிடித்துக்கொண்டு, அதே சுருதியில் நேராக 'கா' என்று பாடிப் பாருங்கள். கேட்பவருக்குத் தோடி வராது. பாடுகிறவர் வாய் 'கா' என்று சொல்லும்போது, குரல் கீழே ரிஷபத்தின் பக்கமும் மேலே மத்யமத்தின் பக்கமும் போய்வந்துகொண்டிருக்கும். சாதாரண காந்தாரம் என்ற இடத்தில் அது நிற்பதே அபூர்வம், வழியில் கடந்து போகிறது, அவ்வளவுதான். அந்த ஆட்டம்தான் தோடி.

ஆக, புத்தகத்தில் எழுதியிருக்கும் 'கா' ஒரு சுருதியின் பெயர் அல்ல, ஒரு அசைவின் பெயர். அந்த அசைவு எப்படி இருக்கும் என்பது ஏற்கெனவே தெரிந்தவருக்கு மட்டும்தான் எழுத்து எதையாவது சொல்லும். தெரியாதவருக்கு அது தவறான தகவலையே தரும்.

இதற்கு எளிதான பதில், "சரி, கமகத்தையும் சேர்த்து எழுதிவிட்டால் போச்சு" என்பது. அதைச் செய்தவர் ஒருவர் இருக்கிறார். முத்துசுவாமி தீட்சிதரின் குடும்பத்தில் வந்த எட்டயபுரம் சுப்பராம தீட்சிதர், 1904-இல் தெலுங்கு எழுத்தில் வெளியிட்ட 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி'. நம்மிடம் இருக்கும் பழைய ஸ்வரப் புத்தகங்களில் இவ்வளவு கவனமாகக் கமகங்களைக் குறித்தது வேறில்லை. கம்பிதத்துக்கு ஸ்வரத்தின் மேல் நெளிகோடு, ஜாருவுக்குச் சாய்கோடு, ஸ்புரிதம், நொக்கு, ரவை, ஒதுக்கல், ஒரிகை என்று ஒவ்வொன்றுக்கும் தனி அடையாளம். இந்த வேலைக்கு அவரைத் தூண்டியவர்களில் முக்கியமானவர் சின்னசாமி முதலியார். அதற்குச் சில வருடங்கள் முன்னால், நம் பாட்டுகளை ஐரோப்பிய ஐந்துகோட்டு முறையில் அச்சிட முயன்றவர் அவர். வாய்வழியாக வந்ததைக் காகிதத்தில் நிறுத்த வேண்டும் என்ற தவிப்பு அந்தத் தலைமுறைக்கு உண்மையாகவே இருந்தது.

ஆனால் அந்த நெளிகோட்டையே கொஞ்சம் உற்றுப் பாருங்கள். இந்த ஸ்வரத்தை அசை என்கிறது அது. எவ்வளவு தூரம் அசைக்க வேண்டும், எத்தனை தடவை, எந்த வேகத்தில், முதலில் கீழா மேலா, கடைசியில் எங்கே நிறுத்த வேண்டும் என்பது கோட்டில் இல்லை. தோடி காந்தாரத்துக்கும் கம்பிதம்தான், பைரவி நிஷாதத்துக்கும் கம்பிதம்தான். இரண்டும் ஒரே மாதிரி ஆடுவதில்லை என்பது இரண்டையும் கேட்டவருக்குத் தெரியும். சுப்பராம தீட்சிதர் இதைக் குறையாக விட்டுவிட்டார் என்று நான் சொல்ல வரவில்லை. வீணையும் வாய்ப்பாட்டும் ஓரளவு தெரிந்தவர் கையில்தான் இந்தப் புத்தகம் போகும் என்ற நம்பிக்கை பக்கத்துக்குப் பக்கம் தெரிகிறது. அந்த நம்பிக்கையை விட்டுவிட்டுப் படித்தால்தான் சிக்கல்.

சிக்கல் எங்கே வெளிப்படும் என்றால், வர்ணத்தை இரண்டாம் காலத்தில் பாடும்போது. காகிதத்தைப் பொறுத்தவரை இரண்டாம் காலம் என்பது வெறும் கணக்கு: எல்லா ஸ்வரமும் பாதி நேரம். ஆனால் முதல் காலத்தில் ஒரு நெடில் காந்தாரத்தில் மூன்று அசைவு வந்தது என்று வைத்துக்கொள்வோம். பாதி நேரத்தில் மூன்றும் அடங்காது. அடக்கினால் குரல் நடுங்குகிற மாதிரி கேட்கும். அசைவே வேண்டாம் என்று விட்டால் ராகம் போய்விடும். நல்ல வாத்தியார் என்ன செய்வார்? ஒரு அசைவை விட்டுவிட்டு, மற்றதை இன்னும் தெளிவாகப் பாடிக் காட்டுவார். எதை விடுவது என்பது எந்தப் புத்தகத்திலும் இல்லை. மாணவர் அதைக் காதால்தான் பிடிக்கிறார். காகிதத்தில் மட்டும் கற்றவரைக் கண்டுபிடிக்க இதுதான் எளிய வழி: முதல் காலம் ஓரளவு நன்றாக இருக்கும், இரண்டாம் காலத்தில் எல்லாம் தட்டையாகிவிடும்.

அப்படியானால் குருமுகம் மட்டும் போதுமா? இல்லை. அதற்கும் ஒரு சோதனை இருக்கிறது. காதால் மட்டும் கற்ற மாணவரிடம், பைரவி வர்ணத்தில் ஒரு ஆவர்த்தனத்தின் நடுவிலிருந்து ஆரம்பிக்கச் சொல்லுங்கள். பலர் வரியின் தொடக்கத்துக்குப் போய்த்தான் திரும்பி வருவார்கள். அதே இடத்தில், "இது எந்த தைவதம்?" என்று கேளுங்கள். பைரவியில் 'ப த நி ஸ' என்று மேலே போகும்போது சதுஸ்ருதி தைவதம், 'ஸ நி த ப' என்று இறங்கும்போது சுத்த தைவதம். குரல் சரியாகப் பாடிவிடும், ஆனால் தான் இரண்டு வேறு ஸ்வரங்களைப் பாடுகிறோம் என்பதே பாடுகிறவருக்குத் தெரியாது. பாட்டாகப் பாடும்வரை இது தொந்தரவு இல்லை. சொந்தமாகக் கல்பனாஸ்வரம் பாட உட்காரும்போது தெரியாதது எல்லாம் வெளியே வரும்.

வாய்வழிக்கு இன்னொரு குணமும் உண்டு: அது மாறுவதை மறந்துவிடும். 'வாதாபி கணபதிம்' இன்று கச்சேரியில் அடுக்கடுக்கான சங்கதிகளோடு வருகிறது. அந்தச் சங்கதிகள் மகா வைத்தியநாத ஐயர் சேர்த்தவை என்று சொல்வார்கள். பிரதர்சினியில் இருக்கும் வடிவம் அதைவிட மிக எளிமையானது. கச்சேரி வடிவத்தை மட்டுமே கேட்டு வளர்ந்தவர், அது முழுவதும் தீட்சிதர் போட்டது என்றே நினைப்பார். சேர்த்தது தவறு என்பதல்ல விஷயம். சேர்த்தது எது, முன்னாலிருந்தது எது என்று பிரித்துப் பார்க்க ஒரு எழுத்துப் பிரதி தேவைப்படுகிறது. எந்தப் பாடாந்தரமும் தன்னைப் பற்றி அந்தத் தகவலைத் தானாகச் சொல்லாது.

ஆகவே என் எதிர்ப்பு நொட்டேஷனுக்கு அல்ல, அது வகுப்பில் வருகிற வரிசைக்கு. இணைய வகுப்புகள் வந்தபிறகு இது மோசமாகியிருக்கிறது. ஒலி கொஞ்சம் தாமதமாகப் போய்ச் சேர்வதால் குருவும் சிஷ்யரும் சேர்ந்து பாட முடியாது. சேர்ந்து பாடும்போது மாணவர் தன்னையறியாமல் பிடிக்கிற அசைவுகள் அதோடு போயின. அந்த இடத்தை நிரப்ப, பாடம் தொடங்கும் முன்பே பிடிஎஃப் வந்துவிடுகிறது. கண் முதலில் 'கா' என்று படித்துவிட்டால், காது அந்தத் தட்டையான 'கா'வைத்தான் தேடும்.

வரிசையைத் திருப்பிப் போட்டால் போதும். ஒரு வரியைக் காகிதம் இல்லாமல் இரண்டு காலத்திலும் பாடவரும்வரை கேட்டுக் கற்பது. பிறகு மாணவரே அதை ஸ்வரப்படுத்தி எழுதுவது. அதற்கப்புறம் அச்சுப் பிரதியைக் கொடுத்து ஒப்பிடச் சொல்வது. மாணவர் எழுதியதும் புத்தகமும் எங்கே வேறுபடுகிறதோ, அந்த இடங்கள்தான் அடுத்த வகுப்பின் பாடம். சில இடத்தில் மாணவர் தவறியிருப்பார். சில இடத்தில் வாத்தியாரின் பாடாந்தரமே வேறாக இருக்கும். இன்னும் சில இடத்தில், தோடி காந்தாரம் மாதிரி, இரண்டு பேரும் ஒரே எழுத்தைத்தான் எழுதியிருப்பார்கள், அந்த எழுத்துக்குள் என்ன இருக்கிறது என்பது இப்போது மாணவருக்குத் தெரிந்திருக்கும்.