நடு அசை

மருத்துவர் அறைப் பேச்சைக் கணினி எழுத்தாக்கித் தந்த படியில் 'ஹைட்ராக்ஸிசின் 25 மில்லிகிராம், தினம் மூன்று வேளை' என்றிருந்தது. எழுத்துப்பிழை இல்லை, அளவும் வழக்கமானதே. ஆனால் இரண்டு வரி மேலே பேச்சு ரத்த அழுத்தத்தைப் பற்றியது. ஹைட்ராக்ஸிசின் அரிப்புக்கும் பதற்றத்துக்கும் தருவது. அழுத்தத்துக்கானது ஹைட்ராலசின், அதுவும் 25 மில்லிகிராமில் வருகிறது. ஆகவே பிழையை அளவு காட்டிக்கொடுக்காது, நோய்தான் காட்டிக்கொடுக்கும்.

படியைத் திருத்துபவர் ஒலிப்பதிவை அந்த நொடிக்குத் திருப்பி, வேகத்தைக் குறைத்து, நடு அசையைக் கேட்கிறார்: 'ராக்' இல்லை, 'ரால'. பிறகு நோயாளியின் மருந்துப் பட்டியலோடு ஒப்பிடுகிறார். அப்போதும் தெளியவில்லையென்றால் ஊகித்து நிரப்புவதில்லை. இடத்தைக் காலியாக விட்டு, நொடியைக் குறித்து மருத்துவருக்கே அனுப்புகிறார். இந்த வேலையின் அழகு அந்தக் காலியிடத்தில்தான் இருக்கிறது.