கரும்புத் தொட்டிலும் அளவில்லாத் தாலாட்டும்

திருவண்ணாமலையில் கார்த்திகைத் தீபத் திருவிழாவின்போது மாடவீதிகளில் கரும்புத் தொட்டில்கள் வரும். குழந்தை வேண்டி நேர்ந்துகொண்டவர்கள், பிறந்த பிள்ளையைக் கரும்பில் கட்டிய சேலைத் தூளியில் கிடத்தி, ஆளுக்கொரு முனையாகத் தோளில் சுமந்து கோயிலைச் சுற்றுவார்கள். அந்த நேர்த்திக்கடனுக்கு முறை உண்டு. வீட்டுக்குத் திரும்பிய பிறகு அதே பிள்ளைக்குப் பாடும் தாலாட்டுக்கு எந்த முறையும் கிடையாது. தமிழா தெலுங்கா உருதா, நீலாம்பரியா வெறும் முனகலா, நாலு அடியா நாற்பது அடியா என்று யாரும் வரையறுப்பதில்லை. இது தாலாட்டின் பலம். அதன் பெரிய குறையும் இதிலிருந்துதான் வருகிறது.

முதலில் பலம். நாட்டுப்புறத் தாலாட்டு முடிந்துபோன பாட்டு அல்ல. தூளி ஒரு பக்கம் போய்வரும் நேரத்துக்குள் ஓர் அடி அடங்கும். அடியின் கடைசியில் விளிச் சொல்லுக்கு ஓர் இடம் இருக்கும். எடுத்துக்காட்டுக்கு நானே ஒன்று கட்டுகிறேன்: ‘மலையோரம் நிலா வந்து வாசலிலே நிக்குதம்மா.’ ஆண்பிள்ளை என்றால் ‘நிக்குதையா’. எந்தப் பிள்ளையானாலும் ‘நிக்குது கண்ணே’. மலையை எடுத்துவிட்டு ஏரியை வைத்தாலும் ஓட்டம் கெடாது. பாட்டை மனப்பாடம் செய்திராத அப்பாகூட இப்படிப் பாடிவிடலாம்.

நீளத்தை முன்கூட்டி முடிவு செய்யாததும் சரிதான். பச்சிளங்குழந்தை தூங்கத் தொடங்கியதும் ஆழ்ந்த உறக்கத்துக்குப் போய்விடாது. முதலில் வருவது அசைவுள்ள மேலோட்டத் தூக்கம்: இமைக்குள் விழி உருளும், உதடு துடிக்கும், மூச்சு சீராக இராது. கண் மூடிவிட்டதே என்று அப்போது பாட்டை நிறுத்தினால் பல குழந்தைகள் விழித்துக்கொள்ளும். மெல்லத் தூக்கிவிட்ட கை தளர்ந்து விழுந்தால், மூச்சு ஒரே சீராக வந்தால், தூக்கம் ஆழமாகிவிட்டது என்று கொள்ளலாம். ஆகவே சொல் தீர்ந்தபின் ‘ஆராரோ’வையே திரும்பத் திரும்பச் சொல்வதைக் கற்பனை வறட்சி என்று நான் எண்ணமாட்டேன்.

மொழி? தாயின் குரலைப் பிறந்த சில நாட்களுக்குள் குழந்தை இனம் காண்கிறது என்று 1980-இல் டிகாஸ்பர், ஃபைஃபர் என்ற ஆய்வாளர்கள் காட்டினார்கள். முன்பின் கேட்டிராத அயல்மொழித் தாலாட்டுக்கும் குழந்தைகள் அமைதியடைகிறார்கள் என்பது 2020-களில் வந்த ஆய்வு. இரண்டும் முரண் அல்ல. எந்த மொழியானாலும் வேலை நடக்கும். பாடுகிறவர் யோசிக்காமல் பேசுகிற மொழி என்றால் குரல் இறுகாது, அவ்வளவுதான். மருமகளின் தெலுங்கை மாமியார் திருத்தவேண்டிய அவசியம் இல்லை.

இனி குறை. காலியாக விட்ட இடம் காலியாகவே இருப்பதில்லை. வழக்கம் வந்து உட்கார்ந்துகொள்கிறது. பழைய தாலாட்டுகளை அடுத்தடுத்துக் கேட்டால், தாய்மாமன் கொண்டுவரும் சீர்வரிசை, குலப்பெருமை, ஆண்பிள்ளை பிறந்த களிப்பு ஆகியவை நீண்டு வருவதைப் பார்க்கலாம். திருவண்ணாமலையிலேயே அதற்கு வேர் இருக்கிறது. பிள்ளையில்லாத வல்லாள மகாராஜாவுக்கு அருணாசலேசுவரரே மகனானார் என்பது தலபுராணம். இன்றும் மாசி மகத்தன்று சுவாமி பள்ளிகொண்டாப்பட்டுக்குப் போய் அவருக்குத் திதி கொடுக்கிறார். அழகான கதைதான். ஆனால் கொள்ளி போட ஒரு மகன் வேண்டும் என்ற ஏக்கம் அதன் அடியில் இருக்கிறது. அந்த ஏக்கம் தாலாட்டுக்குள் நுழையும்போது பெண்குழந்தைக்கு மிஞ்சுவது ஆறுதல் வார்த்தை. கேட்பது குழந்தை மட்டுமல்ல; பக்கத்தில் படுத்திருக்கும் பிள்ளைபெற்றவளும், வாசலில் விளையாடும் அவளுடைய மூத்த மகளும்தான். குழந்தைக்குப் புரியாதே என்ற சமாதானம் அங்கே செல்லாது.

தாய்மாமனைத் துரத்தவேண்டும் என்று நான் சொல்லவில்லை. உறவைப் பெயர்சொல்லி அழைப்பது தாலாட்டின் உயிர். சீரின் பட்டியலை மட்டும் விட்டுவிட்டு, மாமன் தூக்கி வைத்துக்கொண்டு தேர் காட்டியதைப் பாடலாமே.

விட்ட இடத்தை இப்போது கைப்பேசியும் நிரப்புகிறது. ஒரு மணிநேரத் தாலாட்டுப் பதிவைத் தூளிக்குள்ளேயே செருகிவிடுகிறார்கள். அதற்குக் குழந்தையின் முகம் தெரியாது. தூங்கியபிறகும் அதே சத்தத்தில் பாடும். பாடும் தாயின் குரல் தானாகத் தணிவது குழந்தையைப் பார்த்துக்கொண்டிருப்பதால். அதே பார்வைதான் வேறொன்றையும் காக்கிறது: துணித்தூளியின் வளைவில் பச்சிளங்குழந்தையின் மோவாய் மார்பில் மடங்கினால் மூச்சுக்குழல் குறுகும், துணி மூக்கை மூடவும் கூடும். பக்கத்தில் ஆள் உட்கார்ந்து பாடும்வரை அது கண்ணில் படும். பதிவை ஓடவிட்டு அடுப்படிக்குப் போனால் படாது. பதிவைப் போட்டே ஆகவேண்டுமென்றால் தாழ்ந்த ஒலியில், தூளிக்கு வெளியே எட்டி வைத்து, தூக்கம் ஆழமானதும் நிறுத்தி, குழந்தையைச் சமமான படுக்கையில் மல்லாத்திக் கிடத்திவிட வேண்டும்.