கதை லிட்டனுடையது, பேச்சு சுந்தரனாருடையது

நாடகத்தை அங்கம் அங்கமாகப் பிரித்து, ஒவ்வோர் அங்கத்துக்கும் கதைச் சுருக்கம், திருப்புமுனை, பாத்திரங்களின் நோக்கம், முக்கிய உரை என்று எழுதித் தருவது இலக்கிய வகுப்புகளில் நிலைத்துவிட்ட வழக்கம். தென்காசி, குற்றாலம் வட்டாரத்தில் பாளையங்கோட்டை, நெல்லை நோக்கிப் படிக்கப் போகிறவர்களுக்கு மனோன்மணீயம் வெறும் பாடநூல் அல்ல. கதை நிகழும் கோட்டையே திருநெல்வேலியில்தான். அந்த நாடகத்தையும் இதே முறையில் நடத்தினால் போதும், செய்யுளோடு மாணவர் மல்லுக்கட்ட வேண்டாம் என்று வாதிடுகிறவர்கள் இருக்கிறார்கள். முறைக்குப் பயன் உண்டு. ஐந்து அங்கம், இருபது களம். அரண்மனை, ஆசிரமம், சேரநாடு, போர்க்களம் என்று காட்சி மாறிக்கொண்டே போகிறது. யார் எங்கே நிற்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள ஒரு வரைபடம் வேண்டும். ஆனால் அந்த வரைபடத்தையே நாடகமாகக் கொள்ளும்போது இந்த நூலுக்கு வேறெந்த நூலுக்கும் நேராத அநீதி நேர்கிறது.

காரணம் இதுதான். மனோன்மணீயத்தின் கதையைச் சுந்தரம் பிள்ளை தாமாகப் புனையவில்லை. 1866இல் வெளிவந்த லிட்டன் பிரபுவின் 'மிலேட்டஸின் மறைந்த கதைகள்' தொகுப்பில் உள்ள 'இரகசிய வழி' என்ற கதையிலிருந்து அதை எடுத்ததை அவரே தம் முகவுரையில் சொல்லியிருக்கிறார். கனவில் கண்ட காதல், தூது, போர், சுரங்க வழி, நள்ளிரவு மணமாலை ஆகியவை அந்த எலும்புக்கூட்டைச் சேர்ந்தவை. திருப்புமுனைகளை மட்டும் வரிசையாக எழுதும் சுருக்கம் அந்த எலும்புக்கூட்டைத்தான் பத்திரப்படுத்துகிறது. 1891இல் திருவனந்தபுரத்துத் தத்துவப் பேராசிரியர் ஒருவர் அதன்மேல் ஏற்றிய சதையும் உயிரும், அதாவது பேச்சு, வெட்டி எறியப்படுகிறது. மாணவர் சுந்தரனாரைப் படித்ததாக நினைத்துக்கொண்டு லிட்டனைப் படித்து முடிக்கிறார்.

நடராசனை எடுத்துக்கொள்ளலாம். மனோன்மணியின் தோழி வாணியின் காதலன் அவன். அவள் தந்தை சகடரோ அவளை அமைச்சன் குடிலனின் மகன் பலதேவனுக்குக் கொடுக்க நிற்கிறார். நடராசன் சுந்தர முனிவரின் சுரங்க வேலைக்குத் துணையாக இருப்பவன். சுருக்கத்தில் அவனுக்கு இவ்வளவே இடம். அவன் தனியே நின்று நாங்கூழ்ப் புழுவைப் பார்த்துப் பேசும் பகுதி எந்தத் திருப்பத்தையும் உண்டாக்குவதில்லை என்பதால் 'இயற்கை வருணனை' என்ற ஒரே சொற்றொடரில் கடந்துவிடுகிறார்கள். ஆனால் அங்கே நடப்பதைக் கவனியுங்கள். மண்ணைத் தின்று அரைத்துப் பதமாக்கி உழவனுக்கு உதவும் அந்தச் சிற்றுயிர், தன்னைப் புகழ்வதைக் கேட்க நாணியதுபோல் மண்ணுக்குள் மறைகிறது. நிலத்தடியில் மறைந்து நடக்கும் ஒரு பணியோடு தொடர்புடையவன்தான் இதைச் சொல்கிறான். பிறர் அறியாத உழைப்பின் மேல் அவனுக்குள்ள மதிப்பு அந்தப் பேச்சில்தான் தெரிகிறது. 'நோக்கம்: வாணியை மணத்தல்' என்ற குறிப்பில் தெரியாது. மண்புழுக்களின் வேலையைப் பற்றி டார்வின் எழுதிய நூல் 1881இல் வந்தது. பத்தாண்டுக்குள் ஒரு தமிழ் நாடகப் பாத்திரம் அதே பொருளைப் பேசுவது தற்செயலா என்ற கேள்வி வகுப்பில் எழ வேண்டியது. சுருக்கத்தைப் படித்தவருக்கு அந்தக் கேள்வி எழவே வழியில்லை.

குடிலனுக்கும் இதே கதிதான். 'நோக்கம்: அரசைக் கைப்பற்றுதல்' என்று எழுதியவுடன் அவன் வெறும் வில்லனாகிவிடுகிறான். கோட்டையில் ஓர் அறையை முனிவர் ஏன் கேட்டார் என்று ஐயுற்று, அதைத் துருவி, மன்னன் சீவகனின் நம்பிக்கையைத் தன் கணக்கில் வரவு வைத்து, தனியே பேசிப் பேசி அவன் நகர்கிறான். ஐந்தாம் அங்கத்தில் பகைவனான சேர மன்னன் புருடோத்தமனிடமே அவன் பேரம் பேசப் போவது திடீர்த் திருப்பம் போலச் சுருக்கத்தில் நிற்கும். தனிமொழிகளைக் கேட்டு வந்தவருக்கோ அது அடுத்த படி மட்டுமே.

செய்யுள் கடினம், நேரம் குறைவு, தேர்வு நெருங்குகிறது என்பார்கள். முக்கிய உரைகளைத்தான் சேர்த்துக் கொடுக்கிறோமே என்றும் சொல்வார்கள். எது முக்கியம் என்பதைக் கதையை நகர்த்துவதை வைத்துத் தீர்மானிக்கும்போதே தவறு நேர்ந்துவிடுகிறது. மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயரின் குற்றாலக் குறவஞ்சியை அவ்வாறு சுருக்கிப் பாருங்கள். உலா வந்த குற்றாலநாதரைக் கண்டு வசந்தவல்லி மயங்கினாள், சிங்கி குறி சொன்னாள், சிங்கன் அவளைத் தேடி வந்தான். மூன்று வரியில் முடிந்தது. மலையும் இல்லை, அருவியும் இல்லை. இந்த ஊர்க்காரர் யாரும் அதைக் குறவஞ்சி என்று ஒப்பமாட்டார். மனோன்மணீயத்துக்கு மட்டும் ஏன் ஒப்புகிறோம்?

கதையை இருபது களத்துக்கும் சேர்த்து ஒரே பக்கத்தில் முதல் நாளே சொல்லிவிடலாம். மிச்சமுள்ள வகுப்புகளில் நடராசனின் பேச்சையும் குடிலனின் தனிமொழி ஒன்றையும் முதல் அடியிலிருந்து கடைசி அடிவரை உரக்கப் படிக்கவையுங்கள். தேர்விலும் அவற்றிலிருந்தே கேளுங்கள்.